ஆங்கில உயிரும் நம் மாத்திரைக் கணக்கும்

குறிலையும் நெடிலையும் பிரித்தறியத் தமிழ்ப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கல் வேறு, கால் வேறு. விடு வேறு, வீடு வேறு. படம் வேறு, பாடம் வேறு. தாய்மடியிலேயே அவ்வேறுபாடு செவியிற் படிந்துவிடுகின்றது. தொல்காப்பியரும் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என வகுத்து, கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே அம்மாத்திரைக்கு அளவு எனக் காட்டினார். இத்துணைத் தேர்ந்த செவியுடைய மாணாக்கர் ஆங்கிலத்தின் குறில் நெடில்களில் இடறுவது ஏன்?

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலிருந்து பள்ளிக்கு வரும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். மூன்று ஆங்கிலச் சொற்கள் அவன் வாழ்வோடு ஒட்டியவை. 'லிவ்' என்றால் வாழ்தல். 'லீவ்' என்றால் நீங்குதல், விடுமுறையும் அதுவே. 'லீஃப்' என்றால் இலை. தமிழெழுத்தில் எழுதியவுடன் முதற்சொல் குறில், ஏனைய இரண்டும் நெடில் எனத் தோன்றுகின்றன. ஆசிரியரும் அவ்வாறே கூறுகிறார். மாணவனும் அவ்வாறே நம்புகிறான். இவ்வெழுத்தே மயக்கத்தின் தொடக்கம்.

தமிழில் இகரத்தையும் ஈகாரத்தையும் பிரிப்பது பெரும்பாலும் கால அளவே. ஆங்கிலத்திலோ காலத்தோடு நாவின் நிலையும் மாறுகின்றது. 'லீவ்' என்னும்போது நாவின் முற்பகுதி மேலண்ணத்தை நோக்கி நன்கு உயர்கின்றது. இதழ்கள் சற்றே விரிகின்றன. 'லிவ்' என்னும்போது நா சிறிது தாழ்ந்து, சிறிது பின்வாங்கித் தளர்ந்து நிற்கின்றது. ஒலி எகரத்தின் திசையிற் சாய்கின்றது. ஆங்கிலேயன் செவி இச்சாயலைத்தான் முதலிற் பற்றிக்கொள்கின்றது.

கால அளவை மட்டும் நம்ப முடியாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் உயிரின் நீளம் அதன் பின்வரும் மெய்யைப் பொறுத்தது. 'ஃப்' போன்ற அதிர்வில்லா மெய் தொடர்ந்தால் உயிர் குறுகும். 'வ்' போன்ற அதிர்வுடைய மெய் தொடர்ந்தால் நீளும். தொண்டையிற் கைவைத்து இரண்டையும் நீட்டி ஒலித்துப் பார்த்தால் அதிர்வின் வேறுபாடு விரலுக்கே புலனாகும். ஆகவே 'லீஃப்' என்பதன் நெடில் குறுகுகின்றது. 'லிவ்' என்பதன் குறில் நீள்கின்றது. இரண்டும் காலத்தால் ஏறத்தாழ ஒத்துவிடுகின்றன. மாத்திரை எண்ணும் நம் மாணவன் இங்கே திகைக்கிறான். பேசும்போது வரும் பிழையும் இதன் மறுபக்கமே. 'லீஃப்' என்பதை அவன் இரண்டு மாத்திரை நிறைய ஒலிக்க, கேட்பவர் 'லீவ்' என எண்ணக்கூடும். 'லிவ்' என்பதைத் தமிழ் இகரத்தின் உயர்ந்த நாவோடு ஒலிக்க, அப்போதும் 'லீவ்' என்றே அவர் செவியில் விழக்கூடும்.

இதனைத் திருத்தும் வழி, ஓரொலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணைகளைக் கொண்டு பயில்வது. அப்பயிற்சி நாவிலன்று, செவியில் தொடங்குவது நலம். தான் பிரித்துக் கேளாத ஒலியைத் தானே சரிபார்த்துக்கொள்ள எவராலும் இயலாது.

ஆசிரியர் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு 'லிவ்', 'லீவ்' என்பவற்றுள் ஒன்றைச் சொல்லட்டும். முன்னதற்கு ஒரு விரல், பின்னதற்கு இரண்டு விரல் காட்டுவது மாணவர் கடன். அயலாரைப் பாராதிருக்கக் கண்களை மூடிக்கொள்ளவேண்டும். எதைச் சொல்வது என்பதை ஒரு நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தால் ஒழுங்கு எதுவும் பிடிபடாது. இருபது முறை சொல்லி விடைகளைக் குறித்தால், 10 சரியாவது வெறும் ஊகத்தாலும் கிட்டும். 15-க்கு மேற்பட்டால் மட்டுமே செவி வேலை செய்கின்றது எனக் கருதலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. மாணவர்மீது கொண்ட பரிவால் ஆசிரியர் 'லீ...வ்' என வேண்டுமென்றே நீட்டிவிடுவார். வகுப்பு முழுவதும் 20-க்கு 20 பெறும். ஆயின் கற்றது ஆங்கில ஒலியன்று, பழைய மாத்திரைக் கணக்கே. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. அடுத்த நாள், இறுதி மெய்யைத் தாழ்ந்த குரலில் மங்கவிட்டு, 'லீஃப்', 'லிவ்' என்னும் இணையை இயல்பான வேகத்திற் கேட்பியுங்கள். மதிப்பெண் பத்தின் பக்கம் சரிந்தால், வகுப்பு இன்னும் காலத்தையே எண்ணுகின்றது என்பது தெளிவு.

ஒரே குரலைக் கேட்டுப் பழகுவதும் போதாது. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் ஜப்பானியர்க்கு ஆங்கில ரகர லகரங்களைப் பிரித்துக் கேட்கப் பயிற்றி, 1991-இலும் 1993-இலும் முடிவுகளை வெளியிட்டனர். பலர் குரலில் பயின்றோர் புதியவர் குரலிலும் ஒலியைப் பிரித்தறிந்தனர். ஒருவர் குரலில் மட்டும் பயின்றோர்க்கு அது கைகூடவில்லை. ஆகவே மற்றோர் ஆசிரியர், ஆசிரியை, வானொலி, பதிவுசெய்த குரல் எனப் பல வாய்களிலிருந்தும் அதே இணை வகுப்புக்கு வரவேண்டும்.

செவி தெளிந்தபின் நா. முதலில் 'ஈ' என்று நீட்டிப் பிடித்து, நிறுத்தாமலே தாடையைச் சற்றுத் தளர்த்தி, எகரத்தை நோக்கி நாவை இறக்குக. எகரத்தை எய்துமுன் நின்ற இடமே ஆங்கிலக் குறிலின் இடம். அடுத்து வருவதுதான் உரைகல். 'லிவ்' என்பதன் உயிரை இரண்டு நொடிப்பு நேரம் நீட்டுக. அது 'லீவ்' ஆகிவிடக் கூடாது. 'லீவ்' என்பதன் உயிரை ஒரே நொடிப்பில் முடிக்க. அது 'லிவ்' ஆகிவிடக் கூடாது. காலத்தை மாற்றியும் சொல் மாறாதிருந்தால், நாவின் நிலை கைவந்துவிட்டது எனலாம். தொல்காப்பியரின் கைந்நொடி, இங்கே மாத்திரைப் பழக்கத்திலிருந்து விடுபடவே துணைசெய்கின்றது.

இறுதியாகச் சொற்கள் தொடருள் வரவேண்டும்; ஆனால் இரு சொல்லுக்கும் இடங்கொடுக்கும் தொடராக அது இருத்தல் வேண்டும். 'ஐ லிவ் இன் மாத்தளை' என்பதில் கேட்பவர் ஒலியைக் கவனியாமலே பொருளை ஊகித்துவிடுவார். 'ஹீ வாண்ட்ஸ் டு லிவ்' என்றால் அவர் வாழ விரும்புகிறார். 'ஹீ வாண்ட்ஸ் டு லீவ்' என்றால் போய்விட விரும்புகிறார். மருத்துவமனைக் கட்டிலருகே இவ்விரண்டும் ஒன்றாய் ஒலித்தால் விளைவு சிறிதன்று.

இலங்கையில் இவ்வொலிகளுக்குச் சமூக விலையும் உண்டு. ஒகரச் சாயலுள்ள சில ஆங்கில உயிர்களைப் பிரித்தொலிக்காதோரை 'நொட்பொட்' ஆங்கிலம் பேசுவோர் என எள்ளும் வழக்கு இந்நாட்டில் இருந்துவருகின்றது. ஆங்கிலத்தையே 'கடுவ', அதாவது வாள், எனச் சிங்கள மாணவர் அழைத்ததும் இத்தகைய காயங்களின் நினைவாலேயே. சிங்களமும் குறில் நெடிலை அளவால் பிரிக்கும் மொழியாதலின், மாத்தளையின் தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றனர்.

ஆகவே பயிற்சியின் எல்லையை அறிந்து நிற்றல் வேண்டும். இலண்டன் குரலை நகல்செய்வது நம் நோக்கமன்று, இலங்கை ஆங்கிலத்துக்கும் தனக்கென ஓர் ஓசை உண்டு, அதில் இழுக்கில்லை. வாழ்தலும் நீங்குதலும் கேட்பவர் செவியில் இரு சொற்களாய் நின்றால் அதுவே போதும். அதற்குமேல் திருத்துவது திருத்தமன்று, ஏளனத்துக்கு அஞ்சிய ஒப்பனையே.