Stop sharing-ஐத் தொட்டுவிடாதீர்கள்!

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மாணவர். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. இப்போது பொறியியல் கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூவின் முதல் ரவுண்டான ஆப்டிட்யூட் தேர்வை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும். விகிதமும் வட்டியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் முதல் கணக்கு திரையில் வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் நாலைந்து கேள்விகளை மென்பொருள் கேட்கிறது. இவரைப் போன்றவர்கள் பலர் அந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் கேமரா. தேர்வு குரோம் பிரவுசரில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். லிங்க்கைத் திறந்ததும் முகவரிப் பட்டைக்குக் கீழே, இடது பக்கமாக ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். கேமராவையும் மைக்கையும் இந்தத் தளம் பயன்படுத்தலாமா என்று அது அனுமதி கேட்கிறது. புதிய குரோமில் மூன்று பதில்கள் இருக்கும்: Allow while visiting the site, Allow this time, Never allow. அழுத்த வேண்டியது முதலாவதை. அவசரத்தில் கடைசியை அழுத்திவிட்டால் அந்தத் தளம் திரும்பக் கேட்காது. பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் கேமரா கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மாணவரோ லேப்டாப் பழுது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்வார். அப்போதும் அதே பதில்தான். முகவரிக்கு இடது பக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டினால் Camera, Microphone என்று இரண்டு சுவிட்சுகள் தெரியும். இரண்டையும் ஆன் செய்துவிட்டுப் பக்கத்தை Reload செய்தால் போதும்.

அனுமதி கொடுத்த பிறகும் படம் வராமல் போகலாம். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் படம் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தால், கேமராவுக்கு மேலே நகர்த்தும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சில லேப்டாப்களில் கேமராவை அணைக்கக் கீபோர்டின் மேல் வரிசையில் தனிப் பொத்தானே உண்டு. மூடியும் திறந்திருக்கிறது, பொத்தானும் சரி, ஆனாலும் கேமரா கிடைக்கவில்லை என்றால், வேறு ஏதோ ஒரு செயலி அதைப் பிடித்து வைத்திருக்கலாம். காலையில் ஜூமில் வகுப்பு முடிந்ததும் ஜன்னலை மட்டும் மூடிவிட்டு, செயலியை அப்படியே விட்டிருப்பீர்கள். அதை முழுதாக மூடுங்கள். தெரியும் உருவம் கண்ணாடி போல இடம் வலம் மாறியிருந்தால் அது பழுதல்ல. அடையாள அட்டையைக் காட்டும்போது எழுத்து இடம் வலம் மாறித் தெரிகிறதே என்று பதற வேண்டாம்.

அடுத்தது திரைப் பகிர்வு. அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். குரோம் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து, எதைப் பகிர்கிறீர்கள் என்று கேட்கும். ஒரு டேப், ஒரு விண்டோ, முழுத் திரை என்று மூன்று பிரிவுகள் அதில் இருக்கும். தேர்வு மென்பொருள் பெரும்பாலும் கேட்பது Entire Screen-ஐ. அந்தப் பிரிவுக்குப் போன பிறகும் Share பொத்தான் மங்கலாகவே கிடக்கும், அழுத்தினால் வேலை செய்யாது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று பலர் பெட்டியை மூடிவிடுவது இந்த நேரத்தில்தான். பெட்டியின் நடுவில் உங்கள் திரையின் குட்டிப் படம் ஒன்று இருக்கும். அதன் மேல் ஒரு தட்டு தட்டினால்தான் Share உயிர் பெறும்.

பகிர்வு தொடங்கியதும், இந்தத் தளம் உங்கள் திரையைப் பகிர்கிறது என்று ஒரு பட்டை திரையின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது பல சமயம் தேர்வின் Next பொத்தானையே மறைக்கும். பட்டையில் இரண்டு பொத்தான்கள்: Stop sharing, Hide. இடைஞ்சலாக இருக்கிறதே என்று கண்ணில் பளிச்சென்று படுவதை, அதாவது Stop sharing-ஐ அழுத்தினால் பகிர்வு அறுந்துவிடும். சில மென்பொருள்கள் மறுபடி கேட்கும். சில, தேர்வையே நிறுத்தி வைக்கும். பட்டையை மட்டும் மறைப்பது Hide.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. System Settings-இல் Privacy & Security பகுதிக்குள் போய், திரையைப் பதிவு செய்யப் பிரவுசருக்கு அனுமதி தர வேண்டும். தந்ததும் பிரவுசரை மூடித் திறக்கச் சொல்லும். தேர்வு நாளன்று இதைச் செய்தால் பாதியில் வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

இதெல்லாம் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் சங்கதிகள். எனக்கு உறுத்துவது வேறு. புரியாத ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள இந்த மாணவர் என்ன செய்தாலும் அது முறைகேடு போலவே தெரிகிறது. போனை எடுத்து மொழிபெயர்ப்புப் பார்த்தால், தேர்வறையில் போன். பக்கத்து அறையிலிருந்து அக்கா வந்து படித்துச் சொன்னால், கேமராவில் இரண்டாவது முகம். பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதியைத் தட்டினால், வெளியுதவி. போகட்டும், தானே படிக்கலாம் என்றாலும், புரியாத வரியை வாய்க்குள் முணுமுணுத்து எழுத்துக்கூட்டிப் படிப்பது நம் பிள்ளைகளின் பழக்கம். மைக் அதையும் பேச்சுக்குரல் என்று குறித்துக்கொள்ளும். யோசிக்கும்போது மேலே விட்டத்தைப் பார்த்தால், பார்வை திரையை விட்டு விலகியதாக இன்னொரு குறி. ஆங்கில வழியில் படித்தவர் நொடியில் கடந்துபோகும் ஒரு பத்தியில் இவருக்கு மூன்று குறிகள் விழுந்திருக்கும். பின்னால் அந்தப் பதிவைப் பார்ப்பவருக்கு, இந்தப் பையன் படித்தது கேள்வியையா, குறிப்பையா என்று எப்படித் தெரியும்?

வேலைக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம்தானே, இது கூடத் தெரியாமல் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான், ஆனால் ஆப்டிட்யூட் தேர்வு கணக்கைச் சோதிக்க வைத்தது.

ஆகவே மொழிச் சிக்கலைத் தேர்வுக்கு வெளியே, முந்தைய நாளே தீர்த்துக்கொள்வதுதான் வழி. தேர்வு நடத்துபவர்கள் சிஸ்டம் செக் லிங்க் அனுப்பியிருந்தால் அதே லேப்டாப்பில், அதே இடத்தில், அதே நெட்டில் ஓட்டிப் பாருங்கள். வருகிற ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அக்காவோ சீனியரோ பக்கத்தில் இருக்கும்போது அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு யாரும் தப்புச் சொல்லப்போவதில்லை. லிங்க் வரவில்லையா? குரோமில் கூகுள் மீட்டைத் திறந்து தனியாக ஒரு மீட்டிங் தொடங்குங்கள். கேமரா அனுமதிப் பெட்டியும், திரைப் பகிர்வுப் பெட்டியும், அடியில் வரும் பட்டையும் அங்கேயும் குரோம் காட்டுபவைதான். Hide-ஐ அழுத்தினால் என்ன ஆகிறது, Stop sharing-ஐ அழுத்தினால் என்ன ஆகிறது என்று பயமில்லாமல் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். விண்டோஸில் குரோம் அமைப்புகளுக்குள் Languages பகுதியில் தமிழைக் காட்சி மொழியாகத் தேர்ந்தெடுத்துக் குரோமை மூடித் திறந்தால் இந்தப் பெட்டிகள் தமிழிலேயே வரும். ஒருமுறை தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். தேர்வு மென்பொருளின் சொந்தக் குறிப்புகள் இதனால் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழுத் திரையைப் பகிரும்போது மூலையில் வந்து விழும் வாட்ஸ்ஆப் செய்தியும் பதிவாகும். விண்டோஸ் 11-இல் Do not disturb-ஐ ஆன் செய்யுங்கள். புராஜெக்ட்டுக்காக நண்பனோடு பயன்படுத்திய எனிடெஸ்க் மாதிரியான செயலிகளைத் தேர்வு முடியும்வரை நீக்கிவிடுவது நல்லது.

தேர்வு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேள்வித்தாளைத் தமிழாக்கச் சொல்லவில்லை. கேமரா, மைக், திரைப் பகிர்வு, அடையாள அட்டை, அறையைச் சுற்றிக் காட்டுவது என்று எல்லாக் குறிப்புகளையும் சேர்த்தாலும் ஒரு பக்கம்தான் வரும். அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி, ஹால் டிக்கெட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.