நான்காவது கோடு எங்கே போனது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் அலை ஒளியியல் கணக்குகள் உள்ள ஒரு பக்கம், கைபேசியில் எடுத்த படமாக என்னிடம் வந்தது. தாள் சற்று வளைந்திருக்கிறது, ஓரத்து எண்கள் மங்கல். பக்கத்தில் இரண்டு கணக்குகள். மேலே யங் இரட்டைப் பிளவு, கீழே விளிம்பு விளைவுக் கீற்றணி. இரண்டிலும் ஒளி சோடியம் விளக்கின் மஞ்சள், அலைநீளம் 589 நானோமீட்டர். முதல் கணக்கை எளிதாக முடிக்கும் பிள்ளைகள் இரண்டாவதில் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு விதை முதல் கணக்கிலேயே இருக்கிறது.

இரட்டைப் பிளவில் இரண்டு மெல்லிய பிளவுகளின் வழியாக வரும் ஒளி திரையில் சந்திக்கிறது. ஓர் இடத்துக்கு வர ஒரு கதிர் மற்றதைவிடச் சற்று அதிகத் தூரம் கடக்க வேண்டியிருக்கும். அந்தப் பாதை வேறுபாடு சரியாக ஓர் அலைநீளமோ, இரண்டோ, மூன்றோ என்றால் அலையின் முகடும் முகடும் சேர்ந்து அங்கே வெளிச்சம். அரை அலைநீளம் பிசகினால் முகடும் அகடும் சேர்ந்து இருட்டு. இப்படித் திரையில் பொலிவும் கருமையுமாகப் பட்டைகள் விழுகின்றன. அடுத்தடுத்த இரண்டு பொலிவுப் பட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தருவது β = λD/d. இதில் D திரையின் தொலைவு, d பிளவுகளின் இடைவெளி.

கணக்கில் திரை 1 மீட்டர் தள்ளி இருக்கிறது, பிளவுகளின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர். 589 × 10⁻⁹ ஐ 5 × 10⁻⁴ ஆல் வகுத்தால் 0.001178 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1.18 மில்லிமீட்டர். சாதாரண அளவுகோலின் ஒரு சிறு பிரிவைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணுக்குத் தெரியும். விடை நம்பும்படி இருக்கிறதா என்று இப்படிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் படத்தில் 10⁻⁴ இல் உள்ள கழித்தல் குறிதான் முதலில் மங்கிப்போகும். அதை 10⁴ என்று படித்தவருக்குப் பட்டைகளின் இடைவெளி அணுவைவிடச் சிறிதாக வரும். சூத்திரம் சரி, பெருக்கல் சரி, ஆனால் அப்படி ஒரு பட்டையை யாரும் பார்க்க முடியாது. உடனே மூலப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான்.

இனி கீற்றணி. கண்ணாடியில் ஒரு சென்டிமீட்டருக்கு 5,000 கோடுகள் என்கிறது கணக்கு. ஆக, அடுத்தடுத்த கீற்றுகளின் இடைவெளி இரண்டே மைக்ரோமீட்டர், முன்பு பார்த்த பிளவு இடைவெளியில் 250இல் ஒரு பங்கு. இங்கே கேள்வி: 1 மீட்டர் தொலைவில் உள்ள திரையில் கோடுகள் எங்கெங்கே விழும்? பழக்க தோஷத்தில் பலரும் அதே λD/d ஐப் போட்டு, 29.5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, அடுத்தது 58.9, அடுத்தது 88.4 என்று எழுதிக்கொண்டே போவார்கள். ஆய்வகத்தில் அளந்தால் கோடுகள் அங்கே இல்லை.

காரணம் இதுதான். இயற்கை பார்ப்பது பாதை வேறுபாட்டை மட்டும். அது d sin θ. அது nλ ஆகும் கோணத்தில் வெளிச்சம், அவ்வளவே. திரையில் அளக்கும் தூரமோ D tan θ. இரட்டைப் பிளவில் மூன்றாவது பட்டைகூட நடுவிலிருந்து மூன்றரை மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. கோணம் 0.2 டிகிரி. அவ்வளவு சிறிய கோணத்தில் சைனும் டேனும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் β எல்லா இடத்திலும் சமம். பாடப்புத்தகங்கள் இந்த நிபந்தனையை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

கீற்றணியில் அந்தச் சலுகை கிடையாது. sin θ முதல் வரிசைக்கு 0.2945, கோணம் 17.1 டிகிரி. திரையில் கோடு விழுவது 30.8 சென்டிமீட்டரில். சலுகைக் கணக்கு சொன்ன இடத்திலிருந்து அதிகம் விலகவில்லை. இரண்டாவதற்கு sin θ 0.589, கோணம் 36.1 டிகிரி, தூரம் 72.9 சென்டிமீட்டர். மூன்றாவதற்கு 0.8835, 62.1 டிகிரி. கோடு விழுவது 1.89 மீட்டரில், சலுகைக் கணக்கு சொன்னதைவிட இரு மடங்குக்கும் மேல் தள்ளி. இடைவெளிகள் சமமாக இல்லை, வெளியே போகப் போக விரிகின்றன.

நான்காவது? sin θ 1.178 வருகிறது. எந்தக் கோணத்தின் சைனும் ஒன்றைத் தாண்டாது என்பதால் நான்காவது கோடே இல்லை. கால்குலேட்டர் பிழை காட்டும்போது தவறு செய்துவிட்டோம் என்று சிலர் அடித்துத் திருத்துவார்கள். வேண்டாம், அதுதான் விடை. நடுக்கோட்டின் இருபுறமும் மூன்று மூன்று, நடுக்கோட்டோடு சேர்த்து ஏழு கோடுகள்.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். பழைய சி.டி.யின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் தூரம், டி.வி.டி.யில் 0.74. இதே மஞ்சள் ஒளி நேர்செங்குத்தாக விழுந்தால் சி.டி.யில் ஒவ்வொரு புறமும் இரண்டு வரிசைகள் வரும், டி.வி.டி.யில் ஒன்றே ஒன்று, அதுவும் 53 டிகிரி சாய்வில்.