எக்ஸ்-ரேயில் ஈயக் கவசம் ஏன் போனது?

எக்ஸ்-ரே அறையில் ஒரு தயக்கம்

மூலக்குளம், வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பெற்றோரிடம் அடிக்கடி பார்க்கும் தயக்கம் இது. பிள்ளைக்கு இடுப்பு எக்ஸ்-ரே எழுதிக் கொடுத்தால், "அந்த இடத்துல ஈயத் தகடு வைக்காம எடுக்கறாங்களே, நாளைக்கு பிள்ளைப்பேறு பாதிக்காதா?" என்று கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போவதுதான் ஆபத்து. நொண்டி நடக்கும் 12 வயதுப் பையனுக்கு பச்சிலைப் பற்றும் மருந்துக்கடை வலி மாத்திரையும் மாதக்கணக்கில் நடக்கின்றன. வளரும் வயதில் தொடை எலும்பின் பந்துமுனை நழுவும் நோயில் வலி பல நேரம் முழங்காலில்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரு திருகாணி போட்டு நிறுத்திவிடலாம். வலி மாத்திரை அந்த நழுவலை மறைக்குமே தவிர நிறுத்தாது.

மாறியது எது?

இனப்பெருக்க உறுப்புகளை ஈயத்தால் மூடும் வழக்கம் 1950-களில் பரவியது. அன்றைய ஃபிலிமுக்கு நிறையக் கதிர் வேண்டியிருந்தது. பெற்றோர் வாங்கும் கதிர் அடுத்த தலைமுறையைப் பாதிக்குமோ என்ற பயமும் இருந்தது. அதன் பிறகு கருவிகள் மேம்பட்டு, இடுப்பு உறுப்புகள் வாங்கும் அளவு 95 சதவீதம் வரை குறைந்துவிட்டது. பயத்தின் அளவும் குறைந்தது. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் கதிர் ஆபத்துக் கணக்கில் 1977-இல் இந்த உறுப்புகளுக்குக் கொடுத்த எடை 0.25, 2007-இல் அது 0.08. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கொல்லம் கடற்கரையில் மோனசைட் மணலின் கதிரிலேயே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அந்தப் பகுதியில் பிறந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோதும், மணலின் கதிரால் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. இத்தகைய ஆதாரங்களை எடைபோட்டுத்தான் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019 ஏப்ரலில், கவசத்தை வாடிக்கையாக வைப்பதை நிறுத்த வேண்டும் என்றது. பிரிட்டன் 2020-இல் அதே முடிவுக்கு வந்தது.

"இருந்தாலும் வைத்தால் என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்வி, பதிலும் உண்டு. பெண் பிள்ளைகளின் சூலகம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தகடு பல நேரம் அதை மூடாமல், பார்க்க வேண்டிய எலும்பை மூடிவிடும். படம் பயன்படாது, இரண்டாம் முறை எடுக்க வேண்டும், கதிரும் இரண்டு மடங்கு. அதைவிட மோசமான சங்கதி ஒன்று இருக்கிறது. இன்றைய கருவிகளில், போதுமான கதிர் வந்ததும் தானாக நிறுத்தும் உணரிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஈயம் விழுந்தால், கதிர் போதவில்லை என்று கருவி நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகக் கொடுக்கும். காப்பாற்ற வைத்த தகடே பிள்ளையின் பங்கைக் கூட்டுகிறது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் கதை வேறு. அங்கே இடுப்புக்கு வரும் சிறு கதிர் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. வெளியே போர்த்தும் ஈயம் அதைத் தடுக்காது.

"அப்படியானால் எடுப்பவர் மட்டும் ஏன் தடுப்புக்குப் பின்னால் போகிறார்?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு நோயாளி எப்போதோ ஒரு முறை எடுத்துக்கொள்கிறார். எடுப்பவரோ தினம் பலருக்கு, வருடக்கணக்கில் எடுக்கிறார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தகப்பனுக்கும் இன்றும் ஈய ஏப்ரன் உண்டு. அந்தப் படத்தால் அவருக்கு மருத்துவப் பயன் இல்லையே. ஆண்மை போய்விடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. விந்தணு தற்காலிகமாகக் குறையவே சுமார் 100 மில்லிகிரே வேண்டும். ஒரு இடுப்புப் படம் அதில் மிகச் சிறு பங்கு. எக்ஸ்-ரேயால் உடம்பில் "சூடு ஏறும்" என்று இளநீர் குடிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதற்கும் கதிருக்கும் சம்பந்தமே இல்லை.

ஈயத்துக்குப் பதில் என்ன?

பாதுகாப்பு போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முதலாவது, கதிர்ப் பரப்பைச் சுருக்குவது. எடுப்பதற்கு முன் பிள்ளையின் மேல் விழும் வெளிச்சக் கட்டம்தான் கதிர் போகும் எல்லை. கை எலும்புக்கு வந்தவனின் வயிறு வரை அந்த வெளிச்சம் விழுந்தால், அதைச் சுருக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்தது, பிள்ளையின் உடல்வாகுக்குத் தக்க அளவு வைப்பது. பெரியவர்களுக்கான அளவை அப்படியே குழந்தைக்கும் வைக்கக்கூடாது. மூன்றாவது, முதல் முறையிலேயே நல்ல படம் எடுப்பது. இதில் வீட்டாரின் பங்கு பெரிது. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தோ வெள்ளிக் காசோ இடுப்புப் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து மூட்டையே மறைக்கும். ஐந்து நிமிடம் அதைக் கழற்றி வைப்பது ஈயத் தகட்டைவிட அதிகம் காப்பாற்றும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், படம் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. மருத்துவர் எழுதாமல் நீங்களாகவே போய் "முதுகுக்கு ஒரு எக்ஸ்-ரே எடுங்க" என்று கேட்கிறீர்களே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள்; அவை இருந்தால் புதிய படமே வேண்டியிராமல் போகலாம். மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் கூச்சமாக இருக்கும், தெரியும். தனியாகக் கூப்பிட்டாவது சொல்லுங்கள் அம்மா.