வாய்தாவில் நிரம்பும் சிறை

காலை பத்தரை மணி வாக்கில் நீதிமன்ற வராந்தாவில் நின்றால் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: "ஜெயில்லேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாங்களா?" வரவில்லை என்றால், பல நாள் காரணம் ஒன்றுதான். வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை. ஒரு வழக்கில் நான்கு பேர் மீது குற்றச்சாட்டு. மூன்று பேர் ஜாமீனில் வந்து நிற்கிறார்கள், நான்காமவர் மட்டும் உள்ளே இருக்கிறார். அவர் வராத அன்று சாட்சி விசாரணை பெரும்பாலும் நடப்பதில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த சாட்சி அடுத்த வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். சிறையில் அந்த நான்காமவர் படுக்கும் இடம் இன்னும் சில வாரங்களுக்குக் காலியாகாது.

சிறையில் கூட்டம் என்றதும் குற்றம் பெருகிவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. அதாவது 100 பேர் இடத்தில் 131 பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். (தமிழகச் சிறைகள் மொத்தத்தில் கொள்ளளவுக்குள்தான் இருக்கின்றன. நெரிசலின் சுமை டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் போன்ற இடங்களில் அதிகம்.)

ஓர் ஆண்டில் நாடு முழுக்கச் சிறைக்குள் போகிறவர்கள் சுமார் 18 லட்சம் பேர். நாளுக்கு ஏறக்குறைய 5,000. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை இதால் வகுத்தால், ஒருவர் தங்கும் காலம் சராசரியாக 115 நாள் சொச்சம் வரும். ஆயுள் கைதியையும் பத்து நாளில் வெளியே வந்தவரையும் ஒன்றாகக் கலந்த முரட்டுக் கணக்குதான் இது. ஆனாலும் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதே 5,000 பேர் தினமும் உள்ளே போகட்டும், தங்கும் காலம் மட்டும் நான்கு வாரம் குறையட்டும். நாட்டின் மொத்தக் கூட்டமும் இருக்கிற இடத்துக்குள் அடங்கிவிடும். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டாம்.

அந்த நான்கு வாரம் எங்கே போகிறது? ஒரு பகுதி, ஜாமீன் உத்தரவுக்கும் சிறைக் கதவுக்கும் நடுவே.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மோதிராம் மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொன்னது உச்ச நீதிமன்றமே. ஆனால் கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு கொத்தனார் கனவிலும் காணாத தொகை. அண்ணன் தம்பி உறவில் ஒருவர் பொறுப்பேற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. மறுபடி டெல்லிக்குப் போக வேண்டியதாயிற்று. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, வெளியூர்க்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்றும் எழுதினார்.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில், அதே உச்ச நீதிமன்றம் மீண்டும் அதையே சொல்ல வேண்டியிருந்தது: உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் விடுதலை தாமதமாகிறது. உத்தரவு போட்ட அன்றோ மறுநாளோ அதன் பிரதி சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது வழிமுறை வகுத்தது. ஏழைக் கைதிகளுக்குப் பணம் கட்ட மத்திய அரசின் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை தருவதாக அப்போது அறிவித்தார்கள். ஆனால் பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்தவருக்குப் பணம் மட்டும் போதாது. "இவருக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எந்தத் திட்டமும் தருவதில்லை.

இனி உள்ளே. மாதிரிச் சிறைக் கையேடு ஒரு கூடத்தில் 20 பேருக்கு மேல் படுக்கக் கூடாது, ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர் தரை வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 40 சதுர அடி. ஒரு பாயும், காலை நீட்டி எழுந்து நிற்க இடமும். அதே கூடத்தில் 36 பேரை அடைத்தால் ஆளுக்கு 22 சதுர அடிதான். ஒருக்களித்துப் படுக்க வேண்டியதுதான். இரவுக்குப் பத்துப் பேருக்கு ஒரு கழிவறை என்று கட்டியதில் பதினெட்டுப் பேர் காத்திருப்பார்கள். மாலையில் லாக்கப் ஆனால் விடியும்வரை கதவு திறக்காது.

முதலில் பரவுவது சொறி சிரங்கு. ஒரே போர்வை, ஒட்டிய உடம்பு, குறைந்த தண்ணீர் போதும் அதற்கு. காசநோய் சத்தமில்லாமல் வரும். பன்னிரண்டு மணி நேரம் ஒரே காற்றை இத்தனை பேர் சுவாசிக்கும் அறையில், ஒருவரின் இருமல் யாரையும் விடாது. சிறையில் நோய்த்தொற்று வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. உள்ளே வரும்போதே சளிப் பரிசோதனை செய்தால் ஆபத்து குறையும். வண்டி வண்டியாக ஆள் வந்து இறங்கும் சிறையில் அந்தப் பரிசோதனைதான் முதலில் தேங்கும். மருந்தோ ஆறு மாதம் சாப்பிட வேண்டியது. இரண்டாம் மாதத்தில் ஜாமீன் கிடைத்து ஊருக்குப் போகிறவரின் சிகிச்சைச் சீட்டு அங்குள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேராவிட்டால், மருந்து நின்றுவிடும். அரைகுறை மருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். பிறகு அது சிறைச் சுவருக்குள் மட்டும் இருக்காது.

நோயும் வாய்தாவும் ஒரு முடிச்சில் சேருமிடம் வழிக்காவல். சிறை மருத்துவரால் முடியாத நோயாளியை வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஆயுதப்படைப் போலீஸ்தான் வர வேண்டும். வார்டில் சேர்த்தால் ஷிப்ட் போட்டு இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். திருவிழா, தேர்தல், அமைச்சர் வருகை எல்லாவற்றுக்கும் அதே படை. சிறையில் நோயாளிகள் கூடினால் நீதிமன்றம் போகப் போலீஸ் குறையும். நீதிமன்றம் போகாதவர் உள்ளேயே இருப்பார், கூட்டம் கூடும், நோயாளிகளும் கூடுவார்கள். காணொலி வந்த பிறகு காவல் நீட்டிப்புக்காக மட்டும் அழைத்துச் செல்லும் பயணம் குறைந்திருப்பது நல்லதுதான். சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, வக்கீல் காதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய விசாரணைக்குத் திரை போதாது.

2024 ஜூலையில் அமலான புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்திருந்தால் விடச் சொல்கிறது. மரணம், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது இல்லை. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தாண்டுக்கு மேல் காத்திருப்பவர்கள் 2022 கணக்கில் 11,000க்கும் அதிகம், அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இது வரம். ஆனால் ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. செல்போன் திருட்டில் பிடிபட்டவர் தலையில் இன்னும் மூன்று பழைய புகாரை ஏற்றுவது காவல் நிலையங்களுக்குப் புதிதல்ல. ஒற்றை வழக்கு என்றே வைத்துக்கொண்டாலும், திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு. மூன்றில் ஒரு பங்கு ஓராண்டு. சராசரியாக நான்கு மாதம் தங்கும் கூட்டத்தை, பன்னிரண்டாம் மாதத்தில் திறக்கும் கதவு எவ்வளவு குறைத்துவிடும்?