சார்ட்டில் விலை இருக்கிறது, பூலில் பணம் இருக்கிறதா?

2021 அக்டோபர் கடைசியில் ஸ்க்விட் என்றொரு டோக்கன் விற்பனைக்கு வந்தது. நெட்ஃபிளிக்ஸில் அப்போது உலகமே பார்த்துக்கொண்டிருந்த கொரியத் தொடரின் பெயரை ஒட்டவைத்திருந்தார்கள். மற்றபடி தொடருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சென்ட் அளவில் தொடங்கிய விலை நவம்பர் 1 அன்று 2,861 டாலரைத் தொட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. உருவாக்கியவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள்.

அந்த ஏற்றத்தில் வாங்கியவர்களில் பெரும்பாலோரால் விற்கவே முடியவில்லை. விற்க வேண்டுமென்றால் மார்பிள்ஸ் என்ற இன்னொரு டோக்கன் கையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வாங்குபவர்கள் மட்டுமே உள்ள சந்தையில் விலை ஏறுவதைத் தவிர வேறு எங்கே போகும்? ஸ்டாப் லாஸ் என்பதும் ஒரு விற்பனை ஆர்டர்தான். விற்பனைக்கே பூட்டுப் போட்ட இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆனால், இப்படி எந்தப் பூட்டும் இல்லாத, விற்க யாருக்கும் தடையில்லாத ஒரு சின்ன டோக்கனிலும் ஸ்டாப் கைவிட்டுவிடும். பங்குச் சந்தையில் ஸ்டாப் போட்டுப் பழகியவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

புதிய டோக்கன்கள் பெரும்பாலும் பான்கேக்ஸ்வாப், யூனிஸ்வாப் போன்ற தளங்களில் ஒரு பூலில் விற்கப்படுகின்றன. பூலில் ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் ஏற்கெனவே மதிப்புள்ள இன்னொரு காயின். கணக்கு எளிதாக இருக்க அதை டாலராகவே எடுத்துக்கொள்வோம். எதிரே வாங்குபவர் என்று யாரும் காத்திருப்பதில்லை. நீங்கள் விற்பதும் வாங்குவதும் அந்தப் பூலிடம்தான். பழைய வகைப் பூலில் ஒரே விதி: இரண்டு பக்க அளவுகளையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது. டாலர் அளவை டோக்கன் அளவால் வகுத்தால் வருவது விலை.

ஒரு பூலில் 10 லட்சம் டோக்கனும் 10,000 டாலரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை ஒரு சென்ட். டோக்கனின் மொத்த எண்ணிக்கை 10 கோடி. அப்படியானால் திரையில் மார்க்கெட் கேப் 10 லட்சம் டாலர் என்று காட்டும். இப்போது டெலிகிராம் குழுவில் அறிவிப்பு வருகிறது, எல்லோருமாகச் சேர்ந்து 10,000 டாலருக்கு வாங்குகிறார்கள். பூலில் டாலர் 20,000 ஆகிறது, டோக்கன் 5 லட்சமாகக் குறைகிறது. விலை 4 சென்ட். கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளே வந்தது 10,000 டாலர், மார்க்கெட் கேப்போ 40 லட்சம் டாலர் ஆகிவிட்டது. அந்த 40 லட்சம் எந்தப் பெட்டியிலும் இல்லை. இருக்கும் பணம் 20,000 டாலர்தான், எல்லோரும் ஒன்றாக விற்றாலும் அதற்கு மேல் ஒரு டாலரும் வெளியே வராது.

இந்த நிலையில் உங்களிடம் 50,000 டோக்கன் இருக்கிறது. திரை 2,000 டாலர் என்று காட்டுகிறது. 3 சென்ட்டில் ஸ்டாப் போடுகிறீர்கள், விழுந்தாலும் 1,500 டாலர் கைக்கு வரும் என்ற நிம்மதியில். பூலுக்கு ஸ்டாப் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த வசதியைத் தரும் தளம் விலையைக் கவனித்துக்கொண்டிருந்து, எல்லை தாண்டியதும் உங்கள் சார்பில் ஒரு விற்பனையை அனுப்புகிறது, அவ்வளவே. இப்போது தொடக்கத்திலேயே டோக்கன் வைத்திருந்த ஒருவர் 5 லட்சத்தை ஒரே பரிவர்த்தனையில் விற்கிறார். பூல் பழையபடி 10 லட்சம் டோக்கன், 10,000 டாலருக்குத் திரும்புகிறது. விலை 4 சென்ட்டிலிருந்து நேராக 1 சென்ட். இடையில் 3 சென்ட்டில் நீங்கள் நுழைந்து விற்க ஒரு கணம்கூடக் கிடையாது, ஏனென்றால் அந்த முழு வீழ்ச்சியும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடந்து முடிந்துவிட்டது. கவனித்துக்கொண்டிருந்த தளத்துக்கு அது தெரிவதே பிறகுதான்.

அதன்பின் இரண்டில் ஒன்று நடக்கும். எந்த விலைக்கும் விற்கச் சொல்லியிருந்தால், உங்கள் 50,000 டோக்கன் பூலுக்குள் போய் சுமார் 476 டாலர் வெளியே வரும். உங்களுக்கு முன்னால் இன்னும் நாலு பேருடைய ஸ்டாப் ஓடியிருந்தால் அதுவும் குறையும். 3 சென்ட்டுக்கு அருகில்தான் விற்க வேண்டும் என்று ஸ்லிப்பேஜைச் சிறிதாக வைத்திருந்தால், பரிவர்த்தனை ரத்தாகிவிடும், டோக்கன் உங்களிடமே தங்கிவிடும். ஸ்லிப்பேஜைப் பெரிதாக வைத்தாலும் ஆபத்து உண்டு. அதை மோப்பம் பிடிக்கும் ரோபோக்கள் உங்களுக்கு ஒரு நொடி முன்னால் விற்று, பின்னால் மலிவாகத் திரும்ப வாங்கி, இடைப்பட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும். ஆர்டர் புக் உள்ள சிறிய எக்ஸ்சேஞ்சிலும் கதை இதுதான். விலை சரியும் நேரத்தில் வாங்கும் ஆர்டர்களைத் திரும்ப எடுத்துவிடுவார்கள், உங்கள் ஸ்டாப் காலியான படிகளில் உருண்டுபோகும்.

ஸ்டாப்பை நெருக்கமாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். 10,000 டாலர் உள்ள பூலிலிருந்து யாரோ ஒருவர் 500 டாலர் எடுக்கும் அளவுக்கு விற்றாலே விலை ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கும். அது வீழ்ச்சி அல்ல, அந்தப் பூலின் சாதாரண மூச்சு. நெருக்கமான ஸ்டாப்பை அந்த மூச்சே தட்டிவிடும், தள்ளி வைத்த ஸ்டாப்பை ஒரு பெரிய விற்பனை தாண்டிக் குதித்துவிடும். இங்கே சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், மூவிங் ஆவரேஜ் என்று கோடு போடுவதை நான் வீண் என்றே சொல்வேன். அந்தக் கோடுகள் ஆயிரக்கணக்கானவர்களின் முடிவுகளிலிருந்து பொருள் பெறுகின்றன. இங்கே ஒருவர் 500 டாலரில் புதுக்கோடு வரைந்துவிடுவார்.

அப்படியானால் சார்ட்டில் எதைப் பார்ப்பது? முதலில் லிக்விடிட்டி என்ற எண்ணை. பல தளங்கள் பூலின் இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் அதைக் காட்டுகின்றன. மேலே சொன்ன பூலுக்கு, விலை 4 சென்ட்டாக இருந்தபோது 40,000 டாலர் என்று காட்டியிருக்கும். அதில் பாதி அதே டோக்கனின் மதிப்பு. எடுக்கக்கூடிய பணம் மறுபாதிதான். அதை மார்க்கெட் கேப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் 40 லட்சத்துக்கு எதிரே 20,000 எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

அடுத்து உச்சியில் நடப்பதைப் பாருங்கள். அறிவிப்புக்கு முன்னால் சில மணி நேரம் சத்தமில்லாமல் சின்னச் சின்ன வாங்கல்கள் இருக்கும். பிறகு ஓரிரு நிமிடங்களில் செங்குத்தான பச்சை கேண்டில். அதன்மேல் நீண்ட விக். முதலில் ஓடிவந்தவர்கள் அங்கேயே இறங்கிவிட்டார்கள் என்று பொருள். இவை எல்லோரும் சொல்வது. நான் அதிகம் நம்புவது இன்னொரு அறிகுறியை: உச்சிக்கு அருகில் விலை அசையாமல் நிற்க, வால்யூம் மட்டும் கொட்டிக்கொண்டிருப்பது. பூலில் விலை என்பது இரண்டு பக்க அளவுகளின் விகிதம் மட்டுமே என்பதால், உள்ளே வரும் பணத்துக்குச் சமமான விற்பனை இருந்தால்தான் அது அசையாமல் நிற்கும். பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்தால் வாங்குபவர்கள் பலராகவும் விற்பவர்கள் நாலைந்து முகவரிகளாகவும் இருப்பதைக் காணலாம். பலம் சேர்கிறது என்று புதியவர்கள் நினைக்கும் அந்த நேரத்தில்தான் சரக்கு கைமாறுகிறது. ஒரே மாதிரித் தொகையில், ஒரே இடைவெளியில் வாங்கலும் விற்றலும் மாறி மாறி வந்தால் அது வேறு: ஆள் கூட்டிக் காட்ட ஒருவரே தன்னிடமே வாங்கி விற்பது.

விற்பனையே இல்லாத, பச்சை மட்டுமே நிறைந்த சார்ட்டை ஸ்க்விட்டின் சாயல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் விற்றிருக்கிறார்களா, எத்தனை முகவரிகள் விற்றிருக்கின்றன என்று பட்டியலில் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்பவர், நட்டத்துக்கான எல்லையை விலையில் வைக்காமல் தொகையில் வைக்க வேண்டும். முழுவதும் போனாலும் தாங்கும் தொகை எவ்வளவோ அவ்வளவுதான் வாங்கலாம். வாங்கியதும் ஒரு சிறு பகுதியை விற்றுப் பார்க்கலாம், ஆனால் இன்று விற்க முடிந்தது நாளைக்கு உறுதி அல்ல, டோக்கனின் ஒப்பந்தத்தில் விதியை மாற்றும் அதிகாரம் உருவாக்கியவர் கையிலேயே இருக்கலாம். முழுக் கையிருப்பையும் விற்பதுபோல் எண்ணைத் தட்டினால், உறுதி செய்வதற்கு முன்னரே கைக்கு வரும் தொகையைத் தளம் காட்டிவிடும். திரையில் மின்னும் மதிப்பை விட்டுவிட்டு அந்தத் தொகையைத்தான் உங்கள் சொத்தாக எழுதிக்கொள்ள வேண்டும். பூலில் போட்ட பணத்தை உருவாக்கியவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாமா, பூட்டி வைத்திருக்கிறாரா, பூட்டு எந்தத் தேதியில் திறக்கிறது என்பதும் பிளாக்செயினில் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகியிருக்கிறது.