எவ்வளவு தவறியது, எந்தப் பக்கம் தவறியது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் சரக்கைத் தூத்துக்குடி வழியாகக் கப்பலேற்றும் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் எத்தனை கன்டெய்னர் போகும் என்று முன்கூட்டியே சொல்லிக் கப்பலில் இடம் பிடித்தாக வேண்டும். குறைத்துச் சொன்னால் மிஞ்சும் சரக்கு அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். கூட்டிச் சொன்னால் பிடித்த இடம் வீணாகும், அதற்கும் பணம் கட்ட நேரலாம்.

கணக்கு எளிதாக இருக்க, ஜனவரி முதல் செப்டம்பர் வரை போன கன்டெய்னர்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 40, 44, 42, 46, 47, 42, 52, 50, 52.

முதல் வழி நகரும் சராசரி. கடைசி மூன்று மாதங்களின் சராசரிதான் அடுத்த மாதத்துக்கான கணிப்பு. ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று விலகும், புதியது ஒன்று சேரும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சராசரி 42. ஏப்ரலில் போனதோ 46. நடந்ததிலிருந்து கணித்ததைக் கழித்தால் வருவது பிழை:

| மாதம் | கணிப்பு | நடந்தது | பிழை |
|---|---|---|---|
| ஏப்ரல் | 42 | 46 | +4 |
| மே | 44 | 47 | +3 |
| ஜூன் | 45 | 42 | −3 |
| ஜூலை | 45 | 52 | +7 |
| ஆகஸ்ட் | 47 | 50 | +3 |
| செப்டம்பர் | 48 | 52 | +4 |

இந்தப் பிழைகளை இரண்டு விதமாகக் கூட்டலாம். கூட்டல், கழித்தல் குறிகளை விட்டுவிட்டுக் கூட்டினால் 24. ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் 4. இது சராசரி தனிப்பிழை. மாதத்துக்கு நாலு கன்டெய்னர் அளவுக்குத் தவறுகிறோம் என்று மட்டும் அது சொல்லும். குறிகளோடு கூட்டினால் 18, சராசரி +3. இது சாய்வு. நாம் தொடர்ந்து குறைத்தே சொல்லி வருகிறோம் என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது வழி அடுக்குக்குறிச் சீராக்கல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய ராபர்ட் பிரௌன் உருவாக்கிய முறை இது. பழைய கணிப்போடு, நேர்ந்த பிழையில் ஒரு பங்கைச் சேர்த்தால் புதிய கணிப்பு வரும். அந்தப் பங்குக்கு ஆல்ஃபா என்று பெயர். ஆல்ஃபா 0.5 என்றால், ஏப்ரல் கணிப்பு 42, பிழை 4, அதில் பாதி 2. ஆகவே மே கணிப்பு 44. பழைய மாதம் எதுவும் திடீரென்று விலகுவதில்லை, அதன் செல்வாக்கு மாதாமாதம் பாதியாகத் தேய்கிறது.

ஆறு மாதத்துக்கும் இப்படிப் போட்டுப் பார்த்தால் சராசரி தனிப்பிழை ஏறத்தாழ 4.0, சாய்வு +2.8. முதல் வழிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மூன்று மாதச் சராசரியும் 0.5 ஆல்ஃபாவும் ஏறக்குறைய ஒரே அளவு நினைவாற்றல் கொண்டவை என்பதே காரணம். ஆல்ஃபாவை 0.2 ஆகக் குறைத்தால் கணிப்பு நிதானமாக நகரும். ஆனால் தனிப்பிழை 4.9 ஆகவும் சாய்வு +4.4 ஆகவும் ஏறிவிடுகிறது.

சாய்வு ஏன் வந்தது? ஜனவரியில் 40ஆக இருந்தது எட்டு மாதத்தில் 52 ஆனது. மாதத்துக்கு ஒன்றரை கன்டெய்னர் ஏற்றம். மூன்று மாதச் சராசரி அந்த மூன்றில் நடு மாதத்தின் நிலையைத்தான் காட்டும். கணிக்க வேண்டிய மாதமோ அதிலிருந்து இரண்டு மாதம் தள்ளி இருக்கிறது. இரண்டு ஒன்றரை மூன்று. சாய்வும் அதே மூன்றுதான்.

காரணம் தெரிந்த பிழையைத் திருத்தலாம். ஒவ்வொரு கணிப்போடும் 3 கூட்டியிருந்தால் சாய்வு பூஜ்யம், தனிப்பிழை 4லிருந்து 2ஆகக் குறைந்திருக்கும். நடந்து முடிந்ததைப் பார்த்துப் போட்ட திருத்தம் என்பதால் அடுத்த ஆறு மாதத்திலும் இதே பலன் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஏற்றம் நின்றால் அந்த 3 நம்மை எதிர்ப்பக்கம் தள்ளும். அதனால்தான் 1957இல் சார்லஸ் ஹோல்ட் ஏற்றத்தையும் மாதாமாதம் புதுப்பித்துக்கொள்ளும் முறையைத் தந்தார். பண்டிகை, பருவகால ஆர்டர் போன்று ஆண்டுதோறும் திரும்பி வரும் ஏற்ற இறக்கத்தை இங்கே சொன்ன இரண்டு வழிகளும் அறியா. அதற்குப் போன ஆண்டின் அதே மாதத்தையும் பார்க்க வேண்டும்.

சாய்வைக் கண்காணிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. குறிகளோடு கூட்டிய மொத்தப் பிழையைச் சராசரி தனிப்பிழையால் வகுக்க வேண்டும். விடை 4ஐத் தாண்டினாலோ −4க்குக் கீழே இறங்கினாலோ முறையை மாற்றிப் பார்க்கச் சொல்வது வழக்கம். நம் கணக்கில் 18ஐ 4ஆல் வகுத்தால் 4.5. அக்டோபருக்கு நகரும் சராசரி 51 என்கிறது. இந்த ஏஜென்ட் 54 கன்டெய்னருக்கு இடம் பிடிப்பதே சரி.