இயந்திரம் திரும்பத் திரும்ப அதிரும், கை அப்படி நடுங்காது

அனிமேஷன் படம் ஒன்றில் சிறிய டீசல் வண்டி நிற்கிறது. என்ஜின் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் வண்டியின் தகரத்தில் துளி அசைவும் இல்லை. என்ன குறை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அந்த வண்டி ஓடுகிறது என்று அவர் நம்ப மாட்டார். ஒருவர் கையில் கேமராவோடு நின்று எடுத்ததுபோல் இருக்க வேண்டிய காட்சிக்கும் இதே கதிதான். சட்டகம் ஆணி அடித்ததுபோல் நின்றால், அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்ற உணர்வே வராது.

இந்த அசைவுகளைக் கையாலேயே செய்யலாம். ஆனால் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், பத்து விநாடிக் காட்சிக்கு 240 ஃபிரேம் ஆகிறது. ஒவ்வொன்றிலும் வண்டியை ஒரு மில்லிமீட்டர் தூக்கி இறக்கிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. இதற்காகவே அனிமேஷன் மென்பொருள்களில் வளைகோட்டின் மேல் வைக்கும் மாடிஃபையர்கள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரை வைத்து அவற்றில் இரண்டைப் பார்ப்போம்.

முதலில் வளைகோடு. ஒரு பொருளின் உயரம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதை மென்பொருள் ஒரு கோடாக வரைந்து வைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாக ஃபிரேம் எண். கீழிருந்து மேலாக மதிப்பு. நாம் வைக்கும் கீஃப்ரேம்கள் அந்தக் கோட்டின் புள்ளிகள். மாடிஃபையர் அந்தப் புள்ளிகளைத் தொடுவதில்லை. கோட்டைப் படிக்கும் நேரத்தில் அதன் மேல் ஒரு கணக்கைச் செய்து, மாற்றிய மதிப்பைத் தருகிறது. வேண்டாம் என்றால் அதை அணைத்துவிடலாம். பழைய கோடு அப்படியே இருக்கும். பிளெண்டரில் Graph Editor திறந்து, N விசையை அழுத்தி, Modifiers என்ற பகுதிக்குப் போனால் Cycles, Noise இரண்டும் அங்கே கிடைக்கும். கோடு இருந்தால்தான் மாடிஃபையர் வைக்க முடியும் என்பதால், முன்னதாக ஒரு கீஃப்ரேமாவது வைத்திருக்க வேண்டும்.

என்ஜின்: நான்கு ஃபிரேமில் ஒரு துடிப்பு

நம் வண்டியில் இருப்பது ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் டீசல் என்ஜின் என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் நிமிடத்துக்கு 720 சுற்று. இந்த வகை என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கும். ஆக, நிமிடத்துக்கு 360 வெடிப்பு, விநாடிக்கு 6. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு வெடிப்புக்கும் சரியாக 4 ஃபிரேம் கிடைக்கிறது.

சக்கரங்கள் தரையில் நிற்க, மேலுடல் மட்டும்தான் ஸ்பிரிங்கின் மேல் அதிரும். எனவே அதன் உயரத்துக்கு மட்டும் கீஃப்ரேம் வைக்கிறோம். 1-ஆம் ஃபிரேமில் 0. 2-இல் 4 மில்லிமீட்டர் மேலே. 3-இல் 2 மில்லிமீட்டர் கீழே. 4-இல் 1 மில்லிமீட்டர் மேலே. 5-இல் மறுபடி 0. ஒரு வெடிப்பு, அதன் எதிர்வீச்சு, அடங்கல் எல்லாம் இந்த ஐந்து புள்ளிக்குள் வந்துவிடுகின்றன. இப்போது Cycles மாடிஃபையரைச் சேர்த்தால் போதும், இதே துடிப்பு முன்னும் பின்னும் முடிவில்லாமல் தொடரும்.

இங்கே மூன்று இடங்களில் தவறு நேரும். முதலாவது, கடைசிப் புள்ளியும் முதல் புள்ளியும் ஒரே மதிப்பில் இல்லாமல் போவது. அப்போது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கோடு படிக்கட்டுபோல் உடையும். அதைத் திரையிலேயே கண்ணால் பார்க்கலாம். வண்டி சுற்றுக்கு ஒரு முறை வெட்டி இழுப்பதுபோல் துள்ளும். இரண்டாவது, Cycles-இல் Repeat Motion என்பதற்குப் பதிலாக Repeat with Offset தேர்ந்தெடுப்பது. இது ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்று முடிந்த உயரத்திலிருந்து தொடங்கும். ஓடும் சக்கரத்தின் சுழற்சிக்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் சக்கரம் 360 பாகையிலிருந்து மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதிரும் உடலில் இதை வைத்து, புள்ளிகளில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்துவிட்டால், வண்டி மெல்ல மெல்ல வானத்தை நோக்கிக் கிளம்பிவிடும்.

மூன்றாவது தவறு படமாக வெளியே எடுக்கும்போது வருவது. 1-ஆம் ஃபிரேமும் 5-ஆம் ஃபிரேமும் ஒரே நிலை. திரும்பத் திரும்ப ஓடும் துண்டாக எடுக்க வேண்டுமானால் 1 முதல் 4 வரை மட்டுமே எடுக்க வேண்டும். ஐந்தையும் சேர்த்துவிட்டால் ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பு ஒரு கணம் தயங்கும்.

என்ஜின் வேகமானால் என்ன ஆகும்? நான்கு சிலிண்டர் கார் ஒன்று நிமிடத்துக்கு 720 சுற்றில் ஓடினாலே விநாடிக்கு 24 வெடிப்பு. நம் படமும் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பின் ஒரே கட்டத்தைப் பிடிப்பதால், கணக்குப்படி சரியாகச் செய்த அதிர்வு திரையில் அசையாமல் நிற்கும்! 24 ஃபிரேமில் காட்டக்கூடிய உச்ச வேகம் விநாடிக்கு 12 துடிப்பு. அதையும் மேலே, கீழே என்று மாறி மாறித்தான் காட்ட முடியும். ஆகவே வேகமான என்ஜினுக்கும் மூன்று அல்லது நான்கு ஃபிரேம் சுற்றையே வைத்து, அளவை மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைப்பதுதான் வழி. வேகத்தைக் காது சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்தபின் வண்டி அதிர்கிறது. ஆனால் சில விநாடி பார்த்தால் தையல் மெஷின்போல் இருக்கிறது. உண்மையான என்ஜினில் எந்த இரண்டு வெடிப்பும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. அந்தச் சிறு பிசகைத் தருவதுதான் Noise. அதை Cycles-க்குக் கீழே சேர்க்கிறோம். பிளெண்டரும் Cycles-ஐ முதலாவதாக மட்டுமே வைக்க அனுமதிக்கும். Strength 0.002 என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடிக் குறையும். Scale 3 என்றால் அந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை மாறும். Blend Type என்பதை Replace-இலேயே விட வேண்டும். பெயரைப் பார்த்து மூலக் கோட்டை அழித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக அசைப்பது அதுதான். Add என்பது மேல்பக்கம் மட்டுமே கூட்டுவதால் வண்டி முழுவதும் சற்று உயர்ந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. Noise திரும்ப வராது. அதைச் சேர்த்த பிறகு நான்கு ஃபிரேம் துண்டு மூடிய வளையமாக இருக்காது. விளையாட்டு மென்பொருளுக்கோ, ஓடிக்கொண்டே இருக்கும் சிறு படத்துக்கோ வேண்டுமென்றால், Noise-ஐ விட்டுவிட்டு, சற்றே வேறுபட்ட நான்கு துடிப்புகளைக் கையால் வைத்து 16 ஃபிரேம் சுற்றாக ஆக்கிக்கொள்ளலாம்.

கேமரா: ஒழுங்கில்லாத ஆனால் வழவழப்பான நடுக்கம்

கேமராவில் கதை தலைகீழ். அங்கே Noise-தான் அடித்தளம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டால் வருவது கையின் நடுக்கமல்ல, பழுதான புரொஜெக்டரின் துள்ளல். கைக்கு எடை உண்டு. இப்போது இருக்கும் இடத்திலிருந்துதான் அடுத்த இடத்துக்குப் போக முடியும். அடுத்தடுத்த மதிப்புகள் ஒன்றோடொன்று உறவாடும் இத்தகைய வழவழப்பான ஒழுங்கின்மையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான கென் பெர்லின். 1982-இல் வெளிவந்த ‘ட்ரான்’ படத்தில் பணியாற்றியவர். கணினிப் படங்கள் மிக இயந்திரத்தனமாக இருக்கின்றன என்ற மனக்குறையிலிருந்து பிறந்த அவருடைய முறை 1985-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 1997-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதைப் பெற்றது. பளிங்கின் வரி, புகையின் சுருள் போன்றவற்றுக்குப் பிறந்த அந்தச் சிந்தனைதான் இன்று கேமராவையும் அசைக்கிறது.

கேமராவின் சுழற்சிக்குக் கீஃப்ரேம் வைத்து, மூன்று கோடுகளுக்கும் Noise சேர்த்ததும் பெரும்பாலும் படம் பேய் பிடித்ததுபோல் ஆடும். காரணம் அலகு. Graph Editor சுழற்சியைப் பாகையில் காட்டினாலும், Strength ரேடியனில் கணக்காகிறது. இயல்பாக வரும் 1.0 என்பது 57 பாகை வீச்சு! நமக்கு வேண்டியது அதில் நூற்றில் ஒரு பங்கு. Strength 0.01 என்று வைத்தால் இரு பக்கமும் அதிகபட்சம் ஏறக்குறைய 0.005 ரேடியன். பிளெண்டரின் வழக்கமான 50 மில்லிமீட்டர் லென்ஸில், 1920 பிக்ஸல் அகலப் படத்தில், இது 13 பிக்ஸல் நகர்வு. லென்ஸை 100 மில்லிமீட்டராக்கினால் அதே எண்ணுக்கு 27 பிக்ஸல் ஆகிவிடும். நீள லென்ஸில் கை நடுக்கம் பெரிதாகத் தெரிவது நிஜக் கேமராவிலும் உள்ளதே. ஆனால் லென்ஸை மாற்றிய பிறகு Strength-ஐயும் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகிறது.

அடுத்தது வேகம். Scale இயல்பாக 1 என்று இருக்கும். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் துள்ளும். நின்றுகொண்டு எடுப்பவரின் உடல் மெல்லச் சாய்ந்து மீள்வதற்கு 40 பொருத்தம். அதன் மேல் இன்னொரு Noise, Scale 6, Strength 0.002 என்று வைத்தால் விரல்களின் சிறு நடுக்கமும் சேர்ந்துவிடும். ஒரே ஒரு Noise மட்டும் வைத்தால் படகில் நின்று எடுத்ததுபோலவோ, குளிரில் நடுங்கி எடுத்ததுபோலவோ இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் மனிதர்.

மூன்றாவது, Phase. இந்தக் கணக்கில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. ஒரே Scale, ஒரே Phase கொடுத்தால் மூன்று கோடுகளும் அச்சுப்போல் ஒன்றாகவே ஏறி இறங்கும். கேமரா ஒரே சாய்கோட்டில் போய்ப்போய் வரும். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதை Graph Editor-இல் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். X-க்கு 1.3, Y-க்கு 7.8, Z-க்கு 15.4 என்று வேறு வேறாகக் கொடுத்தால் தீர்ந்தது. நேராக முன்னே பார்க்கும் கேமராவில் X மேலும் கீழும், Z இடமும் வலமும், Y சட்டகத்தின் சாய்வு. சாய்வு கண்ணை உறுத்தும் என்பதால் அதற்கு மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

எடுப்பவர் நடந்து வந்தால் மட்டும் Cycles மறுபடி உதவும். விநாடிக்கு இரண்டு அடி என்றால், 12 ஃபிரேமுக்கு ஒருமுறை கேமராவின் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி ஏறும். உடலிலும் காலடி என்ற ஒன்று ஒழுங்காகத் திரும்புகிறதல்லவா!

கடைசியாக இரண்டையும் ஒரே காட்சியில் சேர்க்கும்போது ஒரு சிக்கல் வரும்: வண்டி அதிர்கிறதா, கேமரா நடுங்குகிறதா என்றே தெரியாமல் போகும். ஒவ்வொரு மாடிஃபையருக்கும் அணைக்கும் பெட்டி உண்டு. கேமராவின் Noise-களை அணைத்துவிட்டு வண்டியை மட்டும் பாருங்கள். பின்னால் உள்ள சுவர் அசையாமல் நிற்க வண்டி மட்டும் துடிக்க வேண்டும். பிறகு வண்டியை நிறுத்திக் கேமராவை மட்டும் ஓட்டுங்கள். சுவரும் வண்டியும் சேர்ந்தே நகர வேண்டும். இரண்டையும் திறந்ததும் குழப்பமாக இருந்தால், கேமராவின் வேகமான அடுக்கைத்தான் குறைக்க வேண்டும், ஏனென்றால் ஆறு ஃபிரேம் நடுக்கமும் நான்கு ஃபிரேம் துடிப்பும்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. மெல்லிய சாய்வை விட்டுவிடுங்கள். எடுப்பவரின் இருப்பை உணர்த்த அது ஒன்றே போதும்.